'மீனா அண்ட் ஐ'யா, 'மீனா அண்ட் மீ'யா? தமிழைக் கேளுங்கள், ஆனால் முழுசாக நம்பாதீர்கள்

'தி மேனேஜர் ஆஸ்க்ட் மீனா அண்ட் ஐ டு வெயிட்.' ஆங்கிலத் தேர்வின் பிழை கண்டறிதல் பகுதியில் இப்படி ஒன்று வந்தால் பலர் 'நோ எரர்' போட்டுவிடுவார்கள். 'மீனா அண்ட் மீ' என்றால் கொச்சை, 'ஐ' என்றால் மரியாதை என்று சின்ன வகுப்பிலேயே மண்டையில் ஏற்றிவிட்டதுதான் காரணம். மரியாதைக்கும் வேற்றுமைக்கும் என்ன சம்பந்தம்?

வழக்கமான வழி, மீனாவை எடுத்துவிட்டுப் படிப்பது. 'ஆஸ்க்ட் ஐ' என்று யாரும் சொல்ல மாட்டோம், ஆக 'மீ'. ஆனால் 'பிட்வீன் மீனா அண்ட் ஐ' வந்தால் இந்த வழி பாதியில் நிற்கும், ஏனென்றால் பிட்வீனுக்கு இருவர் வேண்டும். அங்கே ஜோடியைத் தூக்கிவிட்டு 'வீ', 'அஸ்' இரண்டையும் வைத்துப் பாருங்கள். 'பிட்வீன் அஸ்' என்பதுதான் பொருந்துகிறது, எனவே 'மீ'.

இதைவிட எனக்குப் பிடித்தது தமிழ்ச் சோதனை. ஆங்கிலத்தில் 'மீனா' என்ற பெயர் எங்கே வந்தாலும் உருமாறாது. தமிழிலோ இருவருக்கும் தனித்தனியாக உருபு ஏறும்: 'மீனாவையும் என்னையும் காத்திருக்கச் சொன்னார்'. 'என்னை' வந்தால் 'மீ', 'நான்' வந்தால் 'ஐ'.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 'மீனாவுக்கும் எனக்கும் விடை தெரியும்' என்பதில் 'எனக்கு' இருக்கிறதே என்று 'மீனா அண்ட் மீ நோ' எழுதினால் தப்பு. தெரியும், பிடிக்கும், புரியும், வேண்டும் ஆகிய நான்கும் தமிழில் 'கு' உருபு கேட்கும். ஆங்கிலத்தில் அந்த ஆளே எழுவாய். அங்கே 'ஐ'தான்.

'ஐ'யா 'மீ'யா என்று குழம்பியவர்கள் தப்பிக்க ஓடும் இடம் 'மைசெல்ஃப்'. 'மீனா அண்ட் மைசெல்ஃப் வில் கம்' தவறு. அதே வாக்கியத் துண்டில் எழுவாயாக 'ஐ' ஏற்கெனவே இருந்தால்தான் 'மைசெல்ஃப்' வரலாம். எதிர்த்திசையில் இன்னொரு கண்ணி: 'ஹி ஆப்சென்டட் ஃப்ரம் தி கிளாஸ்'. இங்கே 'ஹிம்செல்ஃப்' விடுபட்டிருக்கிறது. 'ஆப்சென்ட்' வினையாக வந்தால் அது கட்டாயம் வேண்டும்.

கடைசியாக, 'ரவி டோல்ட் கண்ணன் தட் ஹி ஹேட் லாஸ்ட் ஹிஸ் புக்.' தொலைத்தது யார், யாருடைய புத்தகம்? தமிழில் 'தன் புத்தகம்' என்றால் எழுவாயைச் சேரும், 'அவன் புத்தகம்' என்றால் பெரும்பாலும் மற்றவனை. ஆங்கில 'ஹிஸ்'ஸுக்கு அந்த வசதி கிடையாது. எனவே பிழை 'ஹி' இருக்கும் துண்டில். திருத்தும்போது சரியான பெயரை மறுபடி எழுதலாம், இல்லையென்றால் மேற்கோளுக்குள் ரவியை நேராகவே பேச வைக்கலாம்: 'ஐ ஹேவ் லாஸ்ட் யுவர் புக்'.