வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏன் காரணம் கேட்கிறீர்கள்?

ஒருத்தன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதில் புரியாதது என்ன இருக்கிறது? சுங்கை சிப்புட்டில் புல்வெட்டும் மெஷினும் மருந்து பம்பும் பழுது பார்க்கிற கடை என்னுடையது. எஸ்டேட் காண்டிராக்டர்களும் நாலைந்து ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்களும்தான் வாடிக்கையாளர்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுக் கையெல்லாம் எண்ணெயாக நிற்கும் நேரம் பார்த்து போன் சத்தம் போடும். எடுத்துப் பார்த்தால், கடைக்கணக்கு மென்பொருள் விற்கும் யாரோ அனுப்பிய மின்னஞ்சல் கடிதம். பதில் போடாவிட்டால், ‘போன கடிதத்தைப் பார்த்தீர்களா அண்ணா?’ என்று அடுத்தது வரும். முன்பின் தெரியாத ஆளுக்கு நான் எப்போது அண்ணன் ஆனேன்?

பக்கத்து டயர் கடை மச்சான் நல்ல மனுஷன். மனம் நோகக்கூடாதென்று அதே கம்பெனிக்கு நீளமாக எழுதினார்: இப்போது வியாபாரம் மந்தம், வேலைக்கு ஒரே ஆள்தான், தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம். அதுவே வினையாகிவிட்டது. மந்தம் என்றாரா, தவணையில் கட்டலாம் என்று பதில். ஒரே ஆள் என்றாரா, ஆள் குறைவான கடைக்குத்தான் இந்த மென்பொருள் என்று விளக்கம். தீபாவளியைக் குறித்து வைத்துக்கொண்டு பண்டிகை முடிந்த கையோடு போன் வேறு. விற்பனைக்காரருக்கு நாம் சொல்லும் ஒவ்வொரு காரணமும் பேச்சைத் தொடர ஒரு பிடி. ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்றால் ‘பிறகு வா’ என்றுதான் அவர் எழுதி வைப்பார். அதனால்தான் சொல்கிறேன், காரணமே சொல்லாதீர்கள். நான் அனுப்பியது இவ்வளவுதான்:

‘உங்கள் மென்பொருள் எங்களுக்குத் தேவையில்லை. இந்தக் கடிதத்தை நான் அனுப்பும் முகவரியை உங்கள் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுத்து, இனி அனுப்பக்கூடாத முகவரிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டு, சேர்த்ததும் தெரிவிக்கவும்.’

அந்த ‘அனுப்பக்கூடாத முகவரிகள்’ என்பதை விட்டுவிடாதீர்கள். வெறுமனே அழித்தால், நாம் மறுத்ததற்கு அவர்களிடம் எந்தத் தடயமும் இருக்காது. அடுத்த முறை வேறு எங்கிருந்தோ ஒரு பட்டியலை வாங்கி ஏற்றும்போது நம் முகவரியும் புதுசு போல உள்ளே வந்துவிடும். தடைப் பட்டியலில் இருந்தால்தான் ஏற்றும்போதே தடுக்கப்படும். பழைய முகவரிக்கு வருவது புதியதற்குத் திருப்பி விடப்பட்டிருந்தால், எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் என்று பார்த்து அதையே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் தப்பான முகவரியை எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

Unsubscribe பட்டனை அழுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். இருந்தால் அழுத்தலாம். ஒரு நாளைக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் கடிதம் அனுப்புகிறவர்கள் விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலக வழி வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் விலக்கிவிட வேண்டும் என்று 2024-இல் கூகுள் விதி கொண்டு வந்தது. என் தொல்லை அந்த வகையே இல்லை. ஒரு ஆள் தன் பெயர் போட்டு, தனிக் கடிதம் மாதிரி அனுப்புகிறார். அதில் பட்டனும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுதித்தான் சொல்ல வேண்டும்.

எழுதினேன். வந்த பதில் என்ன தெரியுமா? ‘காரணத்தை அறியலாமா?’ வேலையை விட்டுவிட்டு நான் இவருக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? கேள்விக்குப் பதில் சொல்லாமல், மேலே இருந்த அதே இரண்டு வரியை மறுபடி ஒட்டி, அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: ‘2010-ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 43-ஆம் பிரிவின்படி இது எழுத்துபூர்வ அறிவிப்பு.’

நேரடி விற்பனைக்கு நம் தனிப்பட்ட தரவைப் பயன்படுத்தாதே என்று எழுதித் தடுக்கும் உரிமையை நம் மலேசியச் சட்டத்தின் அந்தப் பிரிவு தருகிறது. நியாயமான கால அவகாசத்துக்குள் அவர்கள் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். ஆணையர் நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை என்றால் 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எழுதித் தர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். போனில் எவ்வளவு கத்தினாலும் கையில் எதுவும் மிஞ்சாது. அனுப்பிய கடிதத்தைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள்.

அந்த வரி போனதும்தான், ‘எடுத்துவிட்டோம்’ என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. முதல் கடிதத்துக்கே அதை எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

ஒன்று மட்டும். கம்பெனி பெயர் இல்லை, அனுப்பியவர் முகவரிக்கும் சொல்லும் பெயருக்கும் சம்பந்தமில்லை, வங்கி விவரம் கேட்கிறது என்றால் இந்த இரண்டு வரியும் வேண்டாம், உள்ளே இருக்கும் விலகும் இணைப்பும் வேண்டாம். பதில் போட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறான் என்று நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும். ஸ்பேம் என்று குறித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.