போனைத் திட்டுறதுக்கு முன்னாடி தலகாணியைத் தூக்கிப் பாருங்க

சார்ஜ்ல இருந்த போனால கருகுன தலகாணி படம் ஒண்ணு நேத்துல இருந்து நம்ம தாமான் குரூப்ல சுத்துது. கீழ எல்லாரும் ஒரே பாட்டு: “மலிவு போன் வாங்கினா இப்படித்தான்.” நான் ஒரு வரி எழுதினேன், போனை எங்க வச்சு சார்ஜ் போட்டாங்கன்னு கேளுங்கன்னு. உடனே ஒருத்தர், “அக்கா கிளாஸ் எடுக்க வந்துட்டாங்க.” சரிங்க, எடுத்துட்டே போறேன்.

சார்ஜ் ஏறும்போது போன் சூடாகும். நல்ல போனும் ஆகும். உள்ள போற மின்சாரத்துல ஒரு பங்கு பேட்டரியிலயும் சார்ஜ் சர்க்கியூட்லயும் சூடாகத்தான் மாறும். போனுக்குள்ள காத்தாடி கிடையாது, அந்தச் சூடு முதுகு, ஸ்கிரீன் வழியா வெளிய போனாத்தான் உண்டு. இலவம்பஞ்சு, ஸ்பாஞ்சு எல்லாம் காத்தை அசையவிடாமப் பிடிச்சு வச்சிருக்கும். அதுக்கு அடியில திணிச்சா, வர்ற சூடு போக வழியில்லாம ஏறிக்கிட்டே இருக்கும். போனுக்குக் கம்பளி போர்த்தின மாதிரி, அதுவும் நம்ம ஊர் புழுக்கத்துல!

“போனே சூட்டைப் பார்த்து சார்ஜைக் குறைச்சுக்குமே?” குறைச்சுக்கும், ஒத்துக்கிறேன். ஆனா பசார் மாலாம்ல வாங்கின, சிரிம் ஸ்டிக்கர் இல்லாத அடாப்டருக்கும் நைஞ்சுபோன ஒயருக்கும் அந்தப் புத்தி இருக்குமா? அதையும் சேர்த்துத்தானே மெத்தையில போடுறீங்க?

“அஞ்சு வருஷமா தலகாணிக்கு அடியிலதான், ஒண்ணும் ஆகல.” நானும் இதையேதான் சொன்னேன். தோட்டத்து லயத்துல எங்க ரூமுக்கு ஒரே பிளக்குதான், அதுவும் கட்டில் தலைமாட்டுல. ஒருநாள் போனை மேசையில வச்சேன், தராசு மாதிரி ஆடுச்சு. முதுகு உப்பி, ஸ்கிரீன் ஓரத்துல நகம் நுழையுற அளவு இடைவெளி. பேட்டரி ஊதியிருந்தது. சூடு பெரும்பாலும் ஒரே நாள்ல பேட்டரியைக் கொல்லாது, உள்ள வாயு சேர்த்து மெல்ல ஊத வைக்கும். அப்படி ஆச்சுன்னா சார்ஜ் போடாதீங்க, அமுக்கியும் பார்க்காதீங்க, கடைக்குக் கொண்டு போங்க. நான் அமுக்கினேன். புத்தி.

இப்ப சிமெண்ட் தரையில, கட்டிலுக்கு ஒரு கை தள்ளி வைக்கிறேன். ஸ்கிரீன் மேல பார்க்கணும், கவர் கழட்டணும். மர மேசையும் சரிதான், மேல துணி, பேப்பர் இல்லாம இருந்தா. அலாரம் கேட்காதாம். எழுந்துபோய் நிறுத்தினாத்தான் தூக்கமே கலையுது!

ரெண்டு நாளா எல்லாரும் பிராண்டைத்தான் பேசுறீங்க. அந்தத் தலகாணியில படுத்திருந்த பையனுக்குக் கையில கொப்புளம். அவன் எப்படி இருக்கான்னு குரூப்ல ஒருத்தர் கேட்டிருக்கீங்களா?