"பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு யாரிடம் உள்ளது?

அம்மாவின் மருத்துவமனைக் கட்டணக் கோரிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டு, காப்புறுதி நிறுவனத்தை மூன்று மாதங்களில் ஏழு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு குரல், ஆனால் பதில் மட்டும் அதேதான்: "பரிசீலனையில் உள்ளது."

அம்மாவுக்கு மார்ச் 4ஆம் தேதி பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பி1 வார்டில் மூன்று இரவுகள். சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப்போடு இணைந்த தனியார் காப்புறுதித் திட்டம் அவருக்கு 2019 முதல் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டணத்துக்கான கோரிக்கையை மருத்துவமனையே கணினி வழியாக அனுப்பிவிடும் என்பதால் நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம். அங்கேதான் தவறினோம்.

வீடு திரும்பும்போது தந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது: "சில ஆண்டுகளாக அவ்வப்போது வயிற்று வலி." எங்களுக்கு அது சாதாரண வரி. காப்புறுதி நிறுவனத்துக்கோ, திட்டம் எடுப்பதற்கு முன்பே நோய் இருந்ததா என்ற கேள்வி. அதனால் தோ பாயோவில் அம்மா வழக்கமாகப் போகும் மருந்தகத்திடம் பழைய பதிவுகளைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதை எங்களிடம் சொல்லவில்லை.

மே 26ஆம் தேதி நானே அங்கே போனேன். முகப்பில் இருந்த பெண் ஒரு தட்டைக் கிளறி, ஏப்ரல் 9ஆம் தேதியிட்ட கடிதத்தை எடுத்தார். அதன்மேல் மஞ்சள் ஒட்டுத்தாளில் "கட்டணம் வரவில்லை" என்று எழுதியிருந்தது. அறிக்கைக் கட்டணத்தை யார் கட்டுவது என்று தெரியாமல் ஏழு வாரம் அது அங்கேயே கிடந்திருக்கிறது! அங்கேயே கட்டிவிட்டேன். ஜூன் 2ஆம் தேதி அறிக்கை போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு தொலைபேசியை விட்டுவிட்டு, ஜூன் 5ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினேன். தலைப்பில் "புகார்" என்றே போட்டேன். விசாரிப்பாக எழுதினால் விசாரிப்பாகவே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். முதல் வரியில் திட்ட எண், கோரிக்கை எண், அம்மாவின் பெயர், மருத்துவமனையில் இருந்த தேதிகள். அடுத்து, எந்த ஆவணம் எந்த நாளில் யாரால் அனுப்பப்பட்டது என்பது: கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் மார்ச் 21, மருந்தக அறிக்கை ஜூன் 2. கடைசியில் இரண்டே கேள்விகள்: இன்னும் எந்த ஆவணம், யாரிடமிருந்து வரவேண்டும்? எதுவும் இல்லை என்றால், முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதை ஜூன் 19க்குள், மறுத்தால் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்பதையும் சேர்த்து, எழுத்தில் தர முடியுமா? கோபம் நிறைய இருந்தது. கடிதத்தில் அதற்கு இடம் தரவில்லை.

புகார் கொடுத்து நான்கு வாரத்தில் பதில் வராவிட்டால், நிதித் துறைப் பூசல்களைத் தீர்க்கும் ஃபிட்ரெக் அமைப்பை நாடலாம். நிறுவனம் இறுதிப் பதில் தந்துவிட்டால், அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். அந்த இறுதிப் பதில் எழுத்தில் இருந்தால்தான் அந்தக் கணக்கு நமக்குத் தெளிவாக இருக்கும்.

அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன் ரசீதை மருத்துவமனை சேர்த்து அனுப்பவில்லை. அதை நாமே தனியாக அனுப்ப வேண்டுமாம். அம்மா அதை பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். நேற்று அனுப்பிவிட்டேன்.