497-க்கும் 497-க்கும் என்ன வித்தியாசம்?

பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு தலைமையாசிரியை எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். "சார், எங்கள் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் 497. ஒருத்திக்கு முதல் பரிசு, இன்னொருத்திக்கு இரண்டாம் பரிசு என்று அனுப்பியிருக்கிறீர்கள். 494 வாங்கியவர்களும் இரண்டு பேர். ஒருத்தி மூன்றாம் பரிசு, மற்றவள் பெயரையே காணோம். இதை எந்தக் கணக்கில் போட்டீர்கள்?"

என்ன பதில் சொல்ல? கணக்கே போடவில்லை அம்மா, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தோம் என்றா? உண்மை அதுதான். நாங்கள் பள்ளிகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரிசுப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கிறவர்கள். அதை எடுத்துத் தந்த வினவல் இது:

```sql
SELECT * FROM (
  SELECT school_id, roll_no, marks,
    ROW_NUMBER() OVER (
      PARTITION BY school_id
      ORDER BY marks DESC) AS rn
  FROM results
) t
WHERE rn <= 3;
```

எழுதியவர் வேறொருவர். பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான். அதனால் இந்தக் கோபத்தில் பாதி எனக்கே.

இந்த `ROW_NUMBER` என்ன செய்கிறது? பந்தியில் இலை எண்ணுவதுபோல் வரிகளை 1, 2, 3 என்று எண்ணுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்து இலையில் ஒரே மதிப்பெண் இருக்கிறதா என்று அது திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தப் பள்ளியின் மதிப்பெண்கள் 497, 497, 494, 494, 490. அதற்கு இவை 1, 2, 3, 4, 5. மூன்றோடு நிறுத்தச் சொன்னோம், நிறுத்திவிட்டது. பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் அச்சாக மூன்று வரிகள்! பார்க்கிறவனுக்குச் சந்தேகம் எங்கிருந்து வரும்? தவறான விடை இவ்வளவு ஒழுங்காக உடுத்திக்கொண்டு வந்தால் எவன் கண்டுபிடிப்பான்?

எரிச்சல் இதோடு முடியவில்லை. போன வாரம் சோதனைக்கு எடுத்த பட்டியலில், 494 வாங்கிய மற்ற மாணவிதான் மூன்றாம் இடத்தில் இருந்தாள். மதிப்பெண் எதுவும் மாறவில்லை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: அவளுடைய முதலெழுத்து தவறாக இருந்தது என்று யாரோ திருத்தியிருக்கிறார்கள். எங்களுடையது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். அதில் ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அங்கேயே மாறாது, திருத்திய பிரதி ஒன்று வேறிடத்தில் எழுதப்படும். மதிப்பெண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், சமமானவர்களுக்குள் யார் முன்னால் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கைக்கு எது முதலில் அகப்பட்டதோ அது. முதலெழுத்தைத் திருத்தப் போய்ப் பரிசையும் சேர்த்துத் திருத்திவிட்டோம்.

இதைச் சொன்னதும் அலுவலகத்தில் ஒரு இளைஞர் உற்சாகமாக எழுந்தார். "அதற்கென்ன, `ORDER BY marks DESC, name` என்று போட்டுவிடலாமே. ஒவ்வொரு முறையும் ஒரே விடை வரும்." வரும், ஐயா, வரும். ஒவ்வொரு முறையும் ஒரே அநியாயம் வரும். அகர வரிசையில் பெயர் முன்னால் வருகிறவளுக்குக் கேடயம், யகரத்தில் பெயர் தொடங்குகிறவளுக்குக் கைதட்டும் வேலை. இதற்குப் பழைய குலுக்கலே தேவலை!

சமநிலையைப் பார்க்கத் தெரிந்த இரண்டு பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். `RANK`, உங்களைவிட அதிகம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி ஒன்றைக் கூட்டும். எங்கள் ஐந்து பேருக்கு 1, 1, 3, 3, 5. `DENSE_RANK`, உங்களுக்கு மேலே எத்தனை வெவ்வேறு மதிப்பெண்கள் என்று எண்ணி ஒன்றைக் கூட்டும். அதன்படி 1, 1, 2, 2, 3. முதலாவதில் பரிசு நான்கு பேருக்கு, இரண்டாம் பரிசு என்பதே இல்லை. இரண்டாவதில் ஐந்து பேருக்கும் பரிசு, 490 வாங்கியவளுக்கும் மூன்றாம் இடம். ஒரே பள்ளி, ஒரே மதிப்பெண், மூன்று செயற்கூறுகள், மூன்று விதமான மேடை.

இதில் எது சரி? அதை நான் சொல்லக் கூடாது, வினவல் எழுதுகிறவனும் சொல்லக் கூடாது. பரிசு கொடுக்கிறவரைக் கேட்க வேண்டும். கேட்டோமா? "முதல் மூன்று பேர்" என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள், நாமும் மண்டையை ஆட்டினோம். மூன்று பேரா, மூன்று இடமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

நம் ஊர் வழக்கம் என்ன என்று யாருக்கும் தெரியாததுபோல் நடிப்பதுதான் இன்னும் எரிச்சல். 2015-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு முடிவு நினைவிருக்கிறதா? 499 வாங்கிய 41 பேர் மாநில முதலிடம், 498 வாங்கிய 192 பேர் இரண்டாமிடம், 497 வாங்கிய 540 பேர் மூன்றாமிடம். முதல் மூன்று இடங்களில் 773 பேர். நாளிதழ் படித்த எவரும் திகைக்கவில்லை. அது அப்படியே `DENSE_RANK`. `RANK` போட்டிருந்தால் 498-க்கு 42-ஆவது இடம் என்று அச்சாகியிருக்கும். நம் வினவலைக் கொடுத்திருந்தால்? 41 பேரில் மூன்று பேரைப் பொறுக்கி எடுத்து, அவர்களுக்குள்ளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரித்திருக்கும். (2017-இல் அரசு இந்த முதலிடப் பட்டியலையே கைவிட்டது. பள்ளிகளும் அறக்கட்டளைகளும் விடுவதாக இல்லை.)

`ROW_NUMBER` மேல் எனக்குப் பகை இல்லை. ஒரே மாணவிக்கு இரண்டு பதிவு வந்துவிட்டால், கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ள அதைவிட நல்ல கருவி கிடையாது. ஒருத்தியே போதும் என்கிற இடம் அது. பரிசு மேடை அப்படிப்பட்ட இடமா? `LIMIT 3` போடுகிறவர்களும் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், அதற்கும் இதே நோய்தான். `FETCH FIRST 3 ROWS WITH TIES` என்று எழுதினால் கடைசி இடத்தில் சமமாக நிற்பவர்களையும் சேர்த்துத் தரும், போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து இருக்கிறது. ஆனால் மொத்தப் பட்டியலுக்கு ஒருமுறைதான் வெட்டும், பள்ளிவாரியாக வெட்டாது.

அன்று இரவு உட்கார்ந்து, இரண்டு எண்ணையும் ஒரே வினவலில் போட்டு, விடுபட்டவர்களை மட்டும் கேட்டேன். மேலே உள்ள வினவலில் `rn`-க்குப் பக்கத்தில் அதே சன்னலுக்கு `RANK()` ஒன்றைச் சேர்த்து அதற்கு `rk` என்று பெயர் வைத்தால், கடைசி வரி இவ்வளவுதான்:

```sql
WHERE rk <= 3 AND rn > 3;
```

இதில் ஒரு வரி வந்தாலும், சம மதிப்பெண் வாங்கிய ஒருவரை நாம் வெளியே தள்ளியிருக்கிறோம் என்று பொருள். எனக்கு வந்தவை 14. பதினான்கு வீடுகளில் பிள்ளைகள் அடுத்தவளின் கேடயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். ஆனால் யாருக்கு என்ன இடம் என்று மாற்றி எழுதியதை இது காட்டாது. 497 வாங்கியவளுக்கு இரண்டாம் பரிசு என்று போட்டோமே, அவள் `rn <> rk` என்று தனியாகத் தேடினால்தான் அகப்படுகிறாள்.

பரிசு கொடுக்கிற அறக்கட்டளைக்காரரிடம் பேசியாகிவிட்டது. "எங்கள் காலத்தில் பத்திரிகையில் வருமே, அப்படிப் போடுங்கள்" என்றார். செயற்கூறின் பெயர் தெரியாத அந்த மனிதர் அரை நிமிடத்தில் `DENSE_RANK` என்று சொல்லிவிட்டார். கேடயம் செய்கிற கடையில் அவசரக் கூலி கேட்கிறார்கள், அது எங்கள் தலையில்.

இன்று காலை மற்றக் கோப்புகளிலும் `rn <=` என்று தேடிப் பார்த்தேன். ஒன்பது இடங்கள். முதலில் நிற்பது போன ஆண்டு உதவித்தொகைப் பட்டியல். அந்தப் பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று.