30/365 வேறு கேள்விக்கான விடை
"30 பேர் இருக்கிற வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர 30/365, அதாவது 8 வீதம்தான் வாய்ப்பு." இது என் பிறந்தநாளோடு வேறு ஒருவருடையது பொருந்துமா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்டச் சரி, ஆனால் இங்கே யாரும் யாரோடும் பொருந்தலாம், 30 பேரில் 435 சோடிகள் இருக்கின்றன. அதற்காக 435ஐ 365ஆல் பிரித்தாலும் சரிவராது, விடை 1ஐத் தாண்டிவிடும். நேரே கணக்கெடுக்கப் போனால் ஒரு சோடி, இரண்டு சோடி, மூன்று பேருக்கு ஒரே நாள் என்று நீண்டுகொண்டே போகும், அதனால் நிரப்பியைப் பிடியுங்கள்: எவருக்கும் பொருந்தாமல் இருக்க இரண்டாமவருக்கு 364/365, மூன்றாமவருக்கு 363/365, இப்படியே முப்பதாமவருக்கு 336/365. எல்லாவற்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 0.294, அதை 1இலிருந்து கழித்தால் 0.706. யாழ்ப்பாணத்தில் நான் படிப்பிக்கிற உயர்தர வகுப்பில் பிள்ளைகளே இடாப்பை விரித்துப் பிறந்த திகதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள், செப்டெம்பர் 17 இரண்டு தரம் இருந்தது. 23 பேர் சேர்ந்தாலே பாதியைத் தாண்டிவிடும், 0.507. இரட்டையர் படிக்கிற வகுப்பை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், ஒருவரின் பிறந்தநாள் மற்றவருடையதைச் சாராமல் இருந்தால்தான் இப்படிப் பெருக்கலாம்.