ஆறு மாதம் முடிய ஒரு வாரம்

போன நவம்பர் 24, திங்கட்கிழமை காலை. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் போன் செய்தார். "அண்ணே, புரொபேஷன்ல இருக்கற பையன் ஒருத்தனை நிறுத்தணும். லெட்டர் நானே அடிச்சுட்டேன். வாட்ஸப்ல அனுப்பறேன், எழுத்துப்பிழை மட்டும் பாத்துடுங்க."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. மற்ற எல்லாம் பிழை. கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு வரி: "கடந்த மாதம் கல்லாவில் 4,300 ரூபாய் குறைந்ததற்கு நீங்களே காரணம் என்று தெரியவந்துள்ளதாலும், உங்கள் நேர்மையற்ற போக்கினாலும் இன்று முதல் உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம்."

பணத்தை அவன் எடுத்தானா என்று கேட்டேன். "தெரியலைண்ணே, ஆனா அன்னிக்கு அவன்தான் கல்லாவுல உக்காந்திருந்தான்." சரி, அந்த 4,300 தொலையாமல் இருந்திருந்தால் அவனை வைத்துக்கொள்வீர்களா? கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இல்ல. பில் போடறதுல தினம் ஒரு தப்பு. வாங்கறவங்க ஜி.எஸ்.டி. நம்பரையே மாத்திப் போடறான். சேலம் பார்ட்டிக்குப் போன பில் வேற யாரோ கணக்குல ஏறிடுச்சு."

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான். ஏனென்றால் இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றம் கேட்பதும் கிட்டத்தட்ட அதையேதான். நிறுத்தியதற்குப் பின்னால் ஒரு சந்தேகம் தூண்டுதலாக இருந்தால் பரவாயில்லை. அந்தச் சந்தேகமே உத்தரவுக்கு அஸ்திவாரம் என்றால் அதற்குப் பெயர் தண்டனை. விசாரணை இல்லாமல் தண்டனை கொடுக்க முடியாது, புரொபேஷனில் இருப்பவனாக இருந்தாலும். "வேலை திருப்தியாக இல்லை, தொடர விரும்பவில்லை" என்பது ஒருவர் அந்த வேலைக்குப் பொருந்தவில்லை என்ற மதிப்பீடு. "நீ திருடினாய்" என்பது அவர் போகும் இடமெல்லாம் கூடவே வரும் கறை.

இதை உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. லக்னோவில் உள்ள மருத்துவ நிறுவனம் ஒன்றின் மீது பவனேந்திர நாராயண் வர்மா என்பவர் போட்ட வழக்கில், 2001இல், "வேலையும் நடத்தையும் திருப்தியாக இல்லை" என்ற வாசகம் களங்கம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் வேறு மாதிரி. அங்கே உத்தரவு சில பழைய கடிதங்களைக் குறிப்பிட்டிருந்தது. களங்கம் உத்தரவிலேயே இருக்க வேண்டியதில்லை, அது சுட்டிக்காட்டும் காகிதத்தில் இருந்தாலும் போதும் என்று சொல்லி நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இரண்டும் அரசு சார்ந்த நிறுவனங்களின் வழக்குகள்தான். ஆனால் லேபர் கோர்ட்டில் தனியார் முதலாளியின் கடிதத்தையும் இதே கண்ணோடுதான் திருப்பிப் பார்ப்பார்கள். அதனால், "மேற்படி 10ஆம் தேதி மெமோவின்படி" என்று ஒரு வரி சேர்த்தால் ஆதாரம் வலுவாகும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த மெமோவில் இருப்பதெல்லாம் உங்கள் கடிதத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நண்பரிடம் அடுத்து நான் கேட்டது கடிதத்தைப் பற்றியே அல்ல. பையன் சேர்ந்த தேதி என்ன? ஜூன் 2. அப்படியென்றால் டிசம்பர் 1ஆம் தேதியோடு ஆறு மாதம் முடிகிறது. ஒரு வாரம்தான் கையில்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 41ஆவது பிரிவைக் கடை, ஆபீஸ் நடத்தும் எல்லோரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமலும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அவர் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் பிரிவில் புரொபேஷனுக்கு என்று தனி விலக்கு எதுவும் இல்லை. நீங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் புரொபேஷன் ஒரு வருடம் என்று போட்டுக்கொள்ளலாம், "மூன்று மாதம் நீட்டிக்கிறோம்" என்று கடிதம் கொடுக்கலாம். ஆறு மாதம் தாண்டினால் அவர் 41க்குள் வந்துவிடுவார். (தொழிற்சாலை என்றால் கணக்கு வேறு. அங்கே பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை என்பது பெரிய எல்லை. அது இன்னொரு பதிவுக்கு.)

பலருக்குப் புரியாத இடம் ஒன்று இங்கே உண்டு. ஆறு மாதத்துக்கு முன்னால் சுருக்கமான கடிதம்தான் பாதுகாப்பு. ஆறு மாதம் தாண்டியபின் அதே சுருக்கம் பலவீனமாகிவிடும். காரணம் இருந்தது என்று காட்டும் பொறுப்பு உங்களுக்கு வந்துவிடுகிறதே, காரணமே சொல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவீர்கள்? இணையத்தில் கிடைக்கும் ஒரே மாதிரிக் கடிதத்தை எல்லாத் தேதிக்கும் பயன்படுத்துவதில் உள்ள சிக்கல் இதுதான்.

நண்பர் உடனே, "அப்ப இன்னிக்கே ஒரு மாச நோட்டீஸ் குடுத்துடறேன்" என்றார். அப்படிக் கொடுத்தால் பையன் டிசம்பர் 24 வரை வேலையில் இருப்பான். நோட்டீஸ் ஓடும்போதே ஆறு மாதம் கடந்துவிடும். கடிதத்தில் போடும் தேதியை விட வேலை உண்மையில் முடியும் தேதிதான் முக்கியம். அதனால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுக்கச் சொன்னேன். நல்லவேளையாக அதில், "தகுதிகாண் பருவத்தில் இரு தரப்பும் 15 நாள் நோட்டீஸ் அல்லது 15 நாள் சம்பளம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்" என்று இருந்தது.

நல்லவேளை என்று சொல்லக் காரணம் உண்டு. மதுரை லேபர் கோர்ட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கு 1960களின் சமாச்சாரம். ஆறு மாதப் புரொபேஷன் என்று மட்டும் எழுதிவிட்டு வேறு ஒன்றும் சொல்லாமல் விட்டால், தவறான நடத்தை போன்ற தகுந்த காரணம் இல்லாமல் அந்த ஆறு மாதம் முடியும் முன் நிறுத்த முதலாளிக்கு உரிமை இல்லை என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பில், ஆறு மாதம் முடிந்தபின் உறுதிப்படுத்தாமலும் நிறுத்தாமலும் விட்டால் அவர் புரொபேஷனிலேயே தொடர்கிறார் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது பாதியை மட்டும் எங்கோ கேட்டுவிட்டுத்தான் பலர் வருடக்கணக்கில் கன்ஃபர்மேஷன் கொடுக்காமல் இழுக்கிறார்கள்.

அவர் அனுப்பிய ஒன்றரைப் பக்கத்துக்குப் பதிலாக நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"02.06.2025 அன்று எங்கள் நிறுவனத்தில் தகுதிகாண் பருவத்தில் பணியில் சேர்ந்தீர்கள். இந்தக் காலத்தில் உங்கள் பணி நிறுவனத்தின் தேவைக்கு ஏற்றதாக அமையவில்லை. எனவே உங்கள் நியமன ஆணையின் 7ஆவது பத்தியின்படி, 26.11.2025 அன்று வேலை நேரம் முடிவதுடன் உங்கள் பணி முடிவுக்கு வருகிறது. நோட்டீஸுக்குப் பதிலாக 15 நாள் சம்பளமும், இதுவரையிலான சம்பளமும் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்."

பணக் கணக்கு: மாதச் சம்பளம் 24,000. நவம்பரில் 26 நாளுக்கு 20,800, நோட்டீஸுக்காக 12,000. ஆக 32,800, பிடித்தங்களுக்கு முன். இரண்டு வேலை நாட்களுக்குள் போட்டுவிட வேண்டும். 12,000த்தைக் கேட்டதும் நண்பர் முகம் சுளித்தது போனிலேயே தெரிந்தது. "பதினஞ்சு நாள் வேலை செய்யாம சும்மா குடுக்கறதா?" அந்த 4,300ஐயாவது கழித்துக்கொள்ளலாமா என்று வேறு கேட்டார். கழித்தால், கடிதத்திலிருந்து நீக்கிய திருட்டுக் குற்றச்சாட்டை செட்டில்மென்ட் தாளில் திரும்ப எழுதியது போலத்தான்.

அதைவிட எனக்குப் பயமாக இருந்தது அவருடைய ஸ்டாஃப் வாட்ஸப் குரூப். நல்ல காலம், அதில் எதுவும் போட்டிருக்கவில்லை. "கல்லாவில் கை வைக்கிறவர்களுக்கு இங்கே இடமில்லை" என்று முதலாளி அன்றைக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தால், எவ்வளவு நாசூக்காகக் கடிதம் எழுதினாலும் அஸ்திவாரம் எது என்பது ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்துவிடும். பணம் போனது உண்மையிலேயே பெரிது என்றால் இந்தக் குறுக்கு வழியே வேண்டாம். குற்றச்சாட்டை எழுதிக் கொடுத்து, பதில் வாங்கி, விசாரணை வைத்துப் போங்கள். விசாரணையைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு "திருப்தி இல்லை" கடிதம் கொடுப்பதைத்தான் வக்கீல்கள் விரும்பிப் பிடிப்பார்கள்.

வேலை சரியில்லை என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, பில் திருத்தங்களைப் பற்றி இரண்டு இமெயில் இருந்தன. போதும். கடிதத்தில் அவற்றைக் குறிப்பிடவில்லை, ஃபைலில் வைத்தோம். "ஜூலை, ஆகஸ்டுக்கும் ரெண்டு அடிச்சு வச்சுக்கலாமா?" என்றார். வேண்டவே வேண்டாம். முன்பு நான் பார்த்த ஓர் இடத்தில் பழைய தேதி போட்டு மெமோ தயார் செய்தார்கள். அச்சடித்த லெட்டர்ஹெட்டில் இருந்த கடை முகவரி, அந்தத் தேதிக்கு நான்கு மாதம் கழித்து மாறிய புது முகவரி. எதிர்த்தரப்பு ஒரு கேள்விதான் கேட்டது. அதன்பின் உண்மையான மெமோக்களைக்கூட யாரும் நம்பவில்லை.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதில் கோபமே உண்டு. "எதுக்கு வம்பு, ராஜினாமா எழுதி வாங்கிடுங்க" என்பார்கள். கதவைச் சாத்தி, இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்து, எழுதினால்தான் சம்பளம் என்று வாங்கும் ராஜினாமா. மறுநாளே அவர் "மிரட்டி வாங்கினார்கள்" என்று ஒரு இமெயில் அனுப்பினால், உங்களிடம் முறையான பணிமுடிவுக் கடிதமும் இல்லை, நோட்டீஸ் சம்பளம் கொடுத்த கணக்கும் இல்லை. 12,000 மிச்சம் பிடிக்கப் போய் அந்த நிலைமையில் நிற்பதா?

புதன்கிழமை மாலை நண்பர் பையனைத் தனியாகக் கூப்பிட்டு நேரில் சொன்னார். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினார். மறுத்தால் ஸ்பீட் போஸ்டிலும் இமெயிலிலும் அனுப்புவது என்று முடிவு செய்திருந்தோம், தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை பணம் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் மறுபடி போன். பையன் அனுபவச் சான்றிதழ் கேட்கிறானாம். "பாவம்ணே, 'இவரது பணி மிகச் சிறப்பாக இருந்தது'ன்னு போட்டுக் குடுத்துடட்டா?" நவம்பர் 26ஆம் தேதி என்ன எழுதினீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை. மூன்றை மட்டும் போட்டுக் கொடுத்தார்.