பின்னால் நடந்து போனவரை அழிக்க வேண்டுமா? அதே ஷாட்டில் தேடுங்கள்

குறும்படம் எடிட் செய்யும் தம்பிகள் பலர், பின்னணியில் யாராவது குறுக்கே போய்விட்டால் உடனே ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Content-Aware Fill-ஐ ஓட்டிவிடுகிறார்கள். ட்ரைபாடில் அசையாமல் எடுத்த ஷாட்டுக்கு அதை முதலில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆளுக்குப் பின்னால் இருந்த சுவர் உங்கள் கிளிப்பிலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு மென்பொருளை ஊகிக்க விடவேண்டும்?

ஒரு டீக்கடை வாசல் ஷாட், 12 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நடிகை இடப்பக்க பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். 3ஆம் விநாடியில் ஒருவர் வலப்பக்கம் நுழைந்து, நடிகைக்குப் பின்னால் கடந்து, 6ஆம் விநாடியில் வெளியேறுகிறார். அதே கிளிப்பை மேலே இன்னொரு லேயராகப் போட்டு, 4 விநாடி முன்னால் இழுத்துவிடுங்கள். அவர் நடக்கும் நேரத்தில் மேல் லேயரில் 7 முதல் 10 வரையிலான காலி வாசல் ஓடும். மாஸ்க் போட்டு அதில் தேவையான பகுதியை மட்டும் விட்டால் ஆள் மறைந்துவிடுவார்.

ஒரே ஒரு ஃபிரேமை உறையவைத்து ஒட்டும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சுற்றிலும் கிரெய்ன் துள்ளும்போது அந்த இடம் மட்டும் செத்துக் கிடக்கும். ஓடும் கிளிப்பை ஒட்டினால் கிரெய்னும் உயிரோடு இருக்கும், மர இலையும் அசையும்.

மாஸ்க்கை ஆளின் உருவத்தை ஒட்டி இறுக்கமாக வரையாதீர்கள். அவர் நிழலும், கடைக் கண்ணாடியில் விழும் பிம்பமும் உள்ளே வரவேண்டும். விளிம்பைச் சுவர் மூலை, தூண் போன்ற அசையாத கோடுகளில் நிறுத்துங்கள். இலைகளின் நடுவே விளிம்பு ஓடினால் எவ்வளவு ஃபெதர் கொடுத்தாலும் அங்கே இலைகள் பாதியில் கரையும்.

வெயில் மாறியிருக்கிறதா என்று பார்க்க, மேல் லேயரின் பிளெண்ட் மோடை Difference-க்கு மாற்றுங்கள். அசையாத பகுதி கிரெய்ன் புள்ளிகள் தவிர கறுப்பாக வந்தால் இரண்டும் ஒத்துப்போகின்றன. பரவலாகச் சாம்பல் தெரிந்தால் மேல் லேயரில் Curves போட்டு வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகே ஃபெதரைத் தொடுங்கள்.

கஷ்டமான இடம் நடிகையின் தோள்தான். 4 விநாடியில் அவர் அசைந்திருப்பார். அவர் பின்னால் ஆள் மறையும் ஃபிரேம்களில் மட்டும் நடிகையை அசல் கிளிப்பிலிருந்து ரோட்டோ செய்து எல்லாவற்றுக்கும் மேலே வைக்கவேண்டும். பறக்கும் முடி இருந்தால் அந்த வேலை நாள் கணக்கில் இழுக்கும்.

கடையின் பெயர்ப்பலகையை அழிக்க வேண்டுமென்றால் விஷயம் வேறு. ஷாட் முழுக்க அது அதே இடத்தில் நிற்பதால் பின்னால் உள்ள சுவர் எங்குமே பதிவாகவில்லை. அதற்குத்தான் ஒரு ஃபிரேமை ஃபோட்டோஷாப்பில் வரைந்து, அதை ரெஃபரன்ஸ் ஃபிரேமாகக் கொடுத்து Content-Aware Fill-ஐ ஓட்டலாம்.

கேமராமேன்களிடம் என் வேண்டுகோள்: நடிகர்கள் எழுந்து போன பிறகும் ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் லாக்கிலேயே வைத்து, இன்னும் 10 விநாடி காலி இடத்தை ஓடவிடுங்கள்.